போனில் பேசி முடித்ததை மெயிலில் பதிவு செய்தல்

ராசிங்காபுரத்தில் வீட்டை ஒட்டிய கிட்டங்கியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மலையிலிருந்து இறங்கும் காயை வாங்கி, தரம் பிரித்து, மூட்டையாக வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பி வந்தவர். இந்த ஆண்டு தீபாவளிக்குள் சொந்தப் பெயரில் 50, 100, 250 கிராம் பாக்கெட் போட நினைக்கிறார். மதுரையில் தனியாக வேலை எடுத்துச் செய்யும் டிசைனர் ஒருவரின் எண் கிடைக்கிறது. ஜூன் 10 அன்று காலை போனில் பேசுகிறார்கள்.

"லோகோ ஒண்ணு, மூணு பாக்கெட்டுக்கும் லேபிள், பார்சல் அனுப்புற அட்டைப்பெட்டிக்கு ஒரு டிசைன். எவ்வளவு ஆகும் தம்பி?"

"இருபத்தி நாலாயிரம் ஆகும்ணே. அட்வான்ஸா மூணுல ஒரு பங்கு போட்டு விட்ருங்க. ஆடி பொறக்குறதுக்குள்ள முடிச்சுத் தந்திர்றேன்."

"சரி தம்பி, ஆரம்பிங்க."

இருவரும் நேர்மையானவர்கள், இருவருக்கும் திருப்தி. ஆனால் இந்த மூன்று வரியில் பேசாமல் விட்டவை நிறைய. வியாபாரி மனத்தில் 24,000 ரூபாய்க்குள் அச்சடித்த லேபிளும் அடக்கம் என்ற எண்ணம் இருக்கலாம். டிசைனர் கணினியில் வரைந்து கொடுப்பதை மட்டும் சொல்லியிருப்பார். பிடிக்கும்வரை மாற்றித் தருவார் என்று இவர் நினைப்பார். இரண்டு முறை மாற்றித் தந்தால் போதும் என்று அவர் நினைப்பார். மீதி இரண்டு பங்கு பணம் எப்போது என்று இருவருமே கேட்கவில்லை. போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்தில் எந்த லாட் எந்த விலைக்கு யாருக்குப் போனது என்பது கணினியில் பதிவாகிவிடும், பிறகு அதைப் பற்றிப் பேச்சே எழாது. போனில் முடிக்கும் இந்த மாதிரி வேலைக்கு அப்படி ஒரு பதிவை நாம்தான் உண்டாக்க வேண்டும். அன்று மாலையே அனுப்பும் ஒரு மெயில் போதும்.

மெயிலுக்குச் சட்டத்தில் உள்ள இடம்

வாயால் பேசி முடித்ததும் ஒப்பந்தம்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சில வகைகளைத் தவிர, எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று எங்கும் சொல்லவில்லை. சிக்கல் செல்லுபடியில் இல்லை, நிரூபிப்பதில் இருக்கிறது. ஆறு வாரம் கழித்து என்ன பேசினோம் என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு நினைவு இருக்கும். மெயில் புதிய ஒப்பந்தம் எதையும் உருவாக்குவதில்லை. பேசி முடித்த ஒப்பந்தம் இன்னது என்று இருவரும் ஒரே எழுத்தைக் காட்டும்படி செய்கிறது. மெயிலில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் சொல்கிறது.

இதற்கு நம் நாட்டில் நடந்த பெரிய வழக்கு ஒன்று உண்டு. 2007 அக்டோபரில் துபாயைச் சேர்ந்த டிரைமெக்ஸ் நிறுவனம், ஆஸ்திரேலிய பாக்சைட் தாதுவைத் தருவதாக வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கு மெயில் அனுப்பியது. சில மெயில்கள் போய் வந்தன, ஐந்து கப்பல் சரக்குக்கு வேதாந்தா மெயிலிலேயே சம்மதம் சொன்னது. முறைப்படியான ஒப்பந்தப் பத்திரம் பிறகு கையெழுத்தாகவில்லை. சிக்கல் வந்தபோது, பத்திரம் இல்லாததால் ஒப்பந்தமே இல்லை என்று வேதாந்தா வாதிட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ப. சதாசிவம் 2010 ஜனவரி 22 அன்று அதை ஏற்க மறுத்தார். ஈரோடு மாவட்டத்துக்காரரான அவர் பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர். விலை, அளவு, சரக்கு, பணம் செலுத்தும் முறை போன்ற முக்கிய விஷயங்களில் இருவரும் ஒத்துப்போன பிறகு, பத்திரம் தயாராகவில்லை என்பதால் ஒப்பந்தம் இல்லாமல் போய்விடாது என்பது தீர்ப்பின் சாரம். கப்பல் சரக்குக்குச் செல்லும் அந்த விதி 24,000 ரூபாய் லேபிள் வேலைக்கும் செல்லும். ஆனால் அந்த மெயில்களில் முக்கிய விஷயங்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன என்பதால்தான் வழக்கு நின்றது. "பேசியபடி ஆரம்பிக்கவும்" என்ற ஒற்றை வரி மெயில் யாரையும் காப்பாற்றாது.

மெயில்

நம் வியாபாரி எழுத வேண்டிய மெயில் இப்படி இருக்கலாம். நீங்கள் எழுதும்போது விவரங்களை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

பொருள்: ஏலக்காய் பாக்கெட் டிசைன் வேலை – ஜூன் 10 அன்று போனில் பேசியது

வணக்கம் தம்பி,

இன்று காலை போனில் பேசி முடிவு செய்ததை இருவர் கையிலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். ஏதாவது நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்தி எழுதுங்கள்.

வேலை: எங்கள் ஏலக்காய் வியாபாரத்துக்கு ஒரு லோகோ. 50, 100, 250 கிராம் பாக்கெட்டுகளுக்கு முன்பக்கம், பின்பக்கம் ஒட்டும் லேபிள் டிசைன், தமிழிலும் ஆங்கிலத்திலும். பார்சல் அட்டைப்பெட்டிக்கு ஒரு நிறத்தில் ஒரு டிசைன். லேபிளில் வர வேண்டிய எழுத்து விவரங்கள் அனைத்தையும் ஜூன் 14க்குள் நான் தருகிறேன். அவை சரியா என்பது என் பொறுப்பு. லேபிள் அளவையும் வெட்டுக்கோட்டையும் சிவகாசி அச்சகத்திடம் நான் வாங்கித் தருகிறேன்.

இந்த வேலையில் சேராதவை: அச்சடிப்பு, புகைப்படம் எடுப்பது, வெப்சைட், சமூக ஊடகப் படங்கள்.

மாதிரிகளும் திருத்தமும்: லோகோவுக்கு மூன்று மாதிரி காட்டுவீர்கள். ஒன்றைத் தேர்வு செய்த பிறகு, லோகோவுக்கும் லேபிளுக்கும் தலா இரண்டு சுற்று திருத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் என் திருத்தங்களை ஒரே மெயிலில் சேர்த்து அனுப்புவேன். அதற்கு மேல் போனால் சுற்றுக்கு 1,000 ரூபாய்.

கையில் தர வேண்டியவை: அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் கோப்புகள், திருத்தக்கூடிய மூலக்கோப்புகள், லோகோ தனியாகப் பின்னணி இல்லாத படமாக. முதல் மாதிரிகள் ஜூன் 28. இறுதிக் கோப்புகள் ஜூலை 15. நான் விவரமோ பதிலோ தரத் தாமதித்தால் அத்தனை நாள் உங்கள் தேதியும் தள்ளிப்போகும்.

தொகை: மொத்தம் 24,000 ரூபாய். லோகோ 6,000, லேபிள் ஒன்றுக்கு 5,000 வீதம் மூன்றுக்கு 15,000, அட்டைப்பெட்டி 3,000. உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை என்று சொன்னதால் இதற்கு மேல் வரி கிடையாது. விலை கொடுத்து வாங்க வேண்டிய படமோ எழுத்துருவோ இருந்தால் வாங்கும் முன் என்னிடம் கேட்பீர்கள்.

பணம்: இந்த மெயிலை நீங்கள் உறுதி செய்த மறுநாள் 8,000. லோகோவும் லேபிளின் முதல் மாதிரியும் சரி என்று நான் மெயிலில் சொன்ன மூன்று நாளில் 8,000. இறுதிக் கோப்புகள் கிடைத்த ஏழு நாளில் 8,000. கோப்புகளில் குறை இருந்தால் அந்த ஏழு நாளுக்குள் எழுதுவேன்.

உரிமை: முழுப் பணமும் வந்த பிறகு லோகோ, லேபிள் டிசைன்களின் முழு உரிமையையும் எனக்கு எழுதிக் கையெழுத்திட்டுத் தருவீர்கள். உங்கள் வேலை மாதிரிகளில் இதைக் காட்டிக்கொள்ளலாம்.

நடுவில் நிறுத்த நேர்ந்தால்: அதுவரை முடித்துக் காட்டிய பகுதிக்கு மேலே உள்ள விலைப்படி கணக்குப் பார்த்துக்கொள்வோம்.

இந்தக் கடைசி இரண்டும் காலையில் பேசாதவை, நான் இப்போது சேர்த்தவை. உங்களுக்குச் சம்மதமா என்று சொல்லுங்கள். மற்றவை பேசியபடி இருந்தால் "சம்மதம்" என்று ஒரு பதில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
(பெயர், கடைப் பெயர், போன் எண்)

இந்த மெயிலில் மிக முக்கியமான வரி முடிவுக்கு முன்னால் இருக்கிறது: "காலையில் பேசாதவை, நான் இப்போது சேர்த்தவை." பேசியதை எழுதும் சாக்கில் பேசாத நிபந்தனையை நுழைப்பவர்கள் உண்டு. அப்படி நுழைத்தால் எதிராளி முழு மெயிலையுமே சந்தேகத்தோடு படிப்பார், பிறகு எழுதியதற்கும் மதிப்பு இருக்காது. எழுதும்போது புதிதாகத் தோன்றுவது இயல்பு. அதைப் புதிது என்று சொல்லியே சேருங்கள். மேலே உள்ள மெயிலில் திருத்தக் கணக்கு, தேதிகள், தவணை போன்ற மற்றவற்றை அந்த மூன்று வரிக்குப் பிறகு காலையிலேயே பேசி முடித்தார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பேச்சில் அவை வரவில்லை என்றால் அவையும் இந்தக் கடைசிப் பட்டியலில் சேர வேண்டும்.

வேலையின் எல்லை

சண்டைகளில் பெரும்பாலானவை தொகையைப் பற்றி வருவதில்லை, தொகைக்குள் என்ன அடக்கம் என்பதில்தான் வருகின்றன. அதனால் எதைச் செய்வார் என்பதோடு எதைச் செய்யமாட்டார் என்பதையும் எழுத வேண்டும். "லேபிள் டிசைன்" என்று மட்டும் எழுதினால், சிவகாசி அச்சகத்தின் பில் வரும் நாளில் இவர் அதிர்ந்துபோவார். "அச்சடிப்பு சேராது" என்ற இரண்டு சொல் அந்த மனக்கசப்பைத் தடுத்துவிடும்.

உணவுப் பாக்கெட்டில் இன்னொரு எல்லை உண்டு, பலரும் தவறவிடுவது. லேபிளில் பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, பாக்கெட் செய்த தேதி, பேட்ச் எண், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண், பச்சைப் புள்ளிச் சைவக் குறி, 14 இலக்க உணவு உரிம எண் எல்லாம் வர வேண்டும். எடையையும் விலையையும் எவ்வளவு உயர எழுத்தில் போட வேண்டும் என்பதற்கும் பாக்கெட் பொருள்களுக்கான எடையளவு விதிகளில் அளவு இருக்கிறது. டிசைனருக்கு அழகு தெரியும், இந்த விதி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் அழகுக்காக எடையைச் சிறிதாக்கி ஓரத்தில் போடுவார். அச்சாகி, பாக்கெட்டில் ஒட்டி, கடைக்குப் போன பிறகு அதிகாரி கண்ணில் பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் உரிமம் வைத்திருப்பவர்தான். ஆகவே எழுத்து விவரங்களைத் தருவதும் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பு, நீங்கள் கொடுத்த அளவில் அவற்றை வைப்பது அவர் பொறுப்பு என்று பிரித்து எழுதுங்கள். விவரத்தைப் படமாகவோ பேச்சுக் குறிப்பாகவோ அனுப்பாமல் தட்டச்சு செய்து மெயிலில் அனுப்புங்கள். உரிம எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் தவறு யார் பக்கம் என்று அப்போதுதான் தெரியும்.

திருத்தச் சுற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "இரண்டு திருத்தம்" என்று எழுதுவது போதாது. காலையில் மனைவி ஒன்று சொல்வார், மதியம் மைத்துனர் ஒன்று சொல்வார், இரவில் நமக்கே ஒன்று தோன்றும். ஒவ்வொன்றையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் எது எந்தச் சுற்று என்று இருவருக்குமே தெரியாது. ஒரு சுற்று என்றால் ஒரே மெயிலில் சேர்த்துச் சொன்ன திருத்தங்கள் என்று எழுதியது அதனால்தான். இது டிசைனருக்குக் கட்டுப்பாடு போலத் தெரிந்தாலும், உண்மையில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமித்த முடிவு எடுக்க வைப்பது உங்களைத்தான்.

கையில் என்ன வர வேண்டும்

"டிசைன் அனுப்பிவிட்டேன்" என்று அவர் சொல்வார், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கும். அந்தப் படத்தை அச்சகத்துக்கு அனுப்பினால் ஓரங்கள் மங்கி அச்சாகும், பெரிதாக்க முடியாது, நிறமும் மாறும். அச்சுக்கு வேண்டியது நான்கு நிறக் கணக்கில் செய்த பிடிஎஃப். அதில் தமிழ் எழுத்துகளை வடிவங்களாக மாற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஆனால் வடிவமாக மாற்றிய கோப்பில் பிறகு விலையைக்கூடத் திருத்த முடியாது. அதனால்தான் திருத்தக்கூடிய மூலக்கோப்பும் தனியாக வேண்டும்.

மூலக்கோப்பு தருவது வழக்கமா என்றால், ஆளுக்கு ஆள் மாறும். சிலர் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அது நியாயமான கோரிக்கை. கேட்காமல் விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு விலை மாற்றும்போது அவர் போன் எடுக்கவில்லை என்று தவிப்பதுதான் நியாயமில்லாதது. பேசும்போதே கேட்டு, விலையில் சேர்த்து, மெயிலில் எழுதிவிடுங்கள்.

பணமும் தவணையும்

மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல் பகுதி பகுதியாகப் பிரித்தது எதற்கு என்றால், வேலை நடுவில் நின்றால் கணக்குத் தீர்க்க. லோகோவும் ஒரு லேபிளும் முடிந்த நிலையில் இருவரில் ஒருவர் விலக நேர்ந்தால் 6,000மும் 5,000மும் சேர்ந்து 11,000. வியாபாரி 8,000 கொடுத்திருந்தால் 3,000 தர வேண்டும். 16,000 கொடுத்திருந்தால் 5,000 திரும்ப வர வேண்டும். பிரிக்காத 24,000ஐ வைத்து இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

வரியைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. பதிவு உள்ளவராக இருந்தால் டிசைன் சேவைக்கு 18 சதவீதம், அதாவது 24,000க்கு மேல் 4,320 ரூபாய். "இருபத்தி நாலாயிரம்" என்று போனில் சொன்னபோது வரி உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பது பில் வரும்போது கேட்கிற கேள்வியாக இருக்கக் கூடாது. அதேபோல் உங்கள் வியாபார அளவுக்கு நீங்கள் டிடிஎஸ் பிடிக்க வேண்டியவரா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு, பிடிப்பதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லையென்றால் கடைசித் தவணையில் குறைந்த பணத்தைப் பார்த்து அவர் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்.

தவணையைத் தேதியில் மட்டும் கட்டாதீர்கள், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்வில் கட்டுங்கள். "ஜூலை 1 அன்று இரண்டாம் தவணை" என்று எழுதினால், மாதிரி வராமலே ஜூலை 1 வந்துவிட்டால் கொடுப்பதா வேண்டாமா? "வேலை பாதி முடிந்ததும்" என்பது இன்னும் மோசம், பாதி என்பதை யார் அளப்பது? முதல் மாதிரி சரி என்று மெயிலில் சொன்ன மூன்று நாளில் என்பதில் இந்தக் குழப்பம் இல்லை. கடைசித் தவணையிலும் "திருப்தியானதும்" என்று எழுதுவது டிசைனருக்குச் செய்யும் அநியாயம். திருப்தி ஒருவர் மனத்துக்குள் இருப்பது. கோப்பு வந்த ஏழு நாளுக்குள் குறை சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பணம் தர வேண்டும் என்பதே நேர்மையான முறை.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. டிசைனர் உத்யம் பதிவு செய்த குறுந்தொழில்காரராக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். வேலையைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் பெற்ற நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். அதிலிருந்து ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எப்படி ஒப்புக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. நாள் எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. "காய் வித்துக் காசு வந்ததும் தரேன் தம்பி" என்பது சரக்கு வியாபாரத்தில் ஓடும் பேச்சு, இந்த இடத்தில் ஓடாது.

லோகோ யாருக்குச் சொந்தம்

பணம் கொடுத்து வரையச் சொன்னால் லோகோ நம்முடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். லோகோ, லேபிள் டிசைன், விளம்பர வாசகம் போன்றவற்றில் பொது விதிப்படி படைத்தவரே உரிமையாளர். சம்பள வேலையில் இருப்பவர் செய்தது முதலாளிக்குச் சேரும், தனியாக வேலை எடுத்துச் செய்பவருக்கு அது பொருந்தாது.

உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், தருபவரின் கையெழுத்து வேண்டும் என்று அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். நம் பக்கத்து ஏலக்காய் வளைகுடா நாடுகளுக்குப் போகிற சரக்கு. நாளை அந்தப் பாக்கெட்டே கப்பல் ஏறலாம். மெயிலில் "தருகிறேன்" என்று அவர் சொல்வது வாக்குறுதி மட்டுமே. கடைசித் தவணை கொடுக்கும் நாளில் அரைப்பக்கத் தாளில் எந்தெந்த டிசைன், எல்லா உரிமைகளும், பதிப்புரிமைக் காலம் முழுவதுக்கும், உலகம் முழுவதுக்கும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணம் கிடைக்கும் முன் இதைக் கேட்காதீர்கள், அது அவருடைய ஒரே பிடிமானம்.

பதில் வரும்வரை

மெயில் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. எதிராளி பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகாது. "மூன்று நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்" என்று எழுதினாலும் ஆகாது. பதில் வர வேண்டும்.

அவர் இப்படிப் பதில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "சரிண்ணே, எல்லாம் ஓகே. மூலக்கோப்புக்கு மட்டும் 2,000 தனி." பார்க்கச் சம்மதம் மாதிரி இருக்கும், ஆனால் இது சம்மதம் இல்லை. ஒப்பந்தச் சட்டப்படி சம்மதம் முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். அவர் இப்போது புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார், பந்து உங்கள் பக்கம். "சரி தம்பி, மொத்தம் 26,000. கடைசித் தவணை 10,000. மற்றவை முதல் மெயிலில் உள்ளபடி" என்று அதே மெயிலுக்குக் கீழே பதில் எழுதி, மறுபடி அவரிடமிருந்து ஒரு "சம்மதம்" வாங்குங்கள். புது மெயில் தொடங்காதீர்கள். ஒரே தொடரில் இருந்தால் மேலிருந்து கீழே படித்தாலே எல்லாம் விளங்கும்.

முன்பணத்தின் இடமும் இங்கேதான் இருக்கிறது. முன்வைத்த நிபந்தனையோடு கொடுக்கும் பணத்தை ஒருவர் பெற்றுக்கொள்வதே சம்மதம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. மெயில் போன பிறகு அனுப்பிய 8,000 அந்த மெயிலில் உள்ள எல்லாவற்றுக்கும் சாட்சி ஆகிறது. மெயிலுக்கு முன்பே ஜிபேயில் போட்டுவிட்டால் அது எதற்கான பணம் என்பதே கேள்வியாகிவிடும். பணம் அனுப்பும்போது குறிப்பில் "லேபிள் வேலை, ஜூன் 10 மெயில்படி முதல் தவணை" என்று எழுதுங்கள்.

நடுவில் மாறினால்

ஜூலை முதல் வாரத்தில் தேனிக் கடைக்காரர் ஒருவர் 500 கிராம் பாக்கெட் கேட்கிறார். வியாபாரி டிசைனரைக் கூப்பிடுகிறார். மூன்று லேபிளின் அமைப்பும் தயாராக இருப்பதால் நான்காவதை 3,500க்குச் செய்து தருவதாக அவர் சொல்கிறார். அன்றே அதே தொடரில் மூன்று வரி போதும்: கூடுதல் வேலை இது, கூடுதல் தொகை இவ்வளவு, இறுதித் தேதி ஜூலை 15லிருந்து ஜூலை 20க்குப் போகிறது. மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். வேலை கூடும்போது தேதியும் நகரும் என்பதை எழுதாவிட்டால், ஜூலை 16 அன்று ஒருவர் தாமதம் என்பார், மற்றவர் நேரம் இருக்கிறது என்பார்.

வாட்ஸ்அப்பில் பேசவே கூடாது என்பதில்லை. மலைப்பாதையில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று பேசுகிறவருக்கு அதுதான் கை கொடுக்கும். ஆனால் பணம், தேதி, வேலை அளவு மூன்றில் ஒன்று மாறினால் இரவில் வீடு வந்ததும் அதை மெயில் தொடரில் சேர்த்துவிடுங்கள்.

மெயில்களை அழிக்காதீர்கள். போன் மாற்றினாலும் கணக்கு அதே கணக்காக இருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் காட்ட அதனுடன் ஒரு சான்றிதழும் தர வேண்டும். மூல மெயில் கணக்கில் இருந்தால் அதைப் பெறுவது எளிது, ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சியிருந்தால் கடினம். பணப் பாக்கிக்கு வழக்குப் போடும் காலக்கெடு பொதுவாக மூன்று ஆண்டு என்பதால், வேலை முடிந்த பிறகும் அதுவரையாவது தொடரை வைத்திருங்கள். 24,000 ரூபாய்க்காகப் போடியிலிருந்து யாரும் நீதிமன்றப் படி ஏறப்போவதில்லை என்பதும் உண்மை. இந்த மெயில் பெரும்பாலும் பயன்படுவது இருவரும் மறுபடி போனில் பேசும்போதுதான். "அந்த மெயிலைப் பாருங்க தம்பி" என்று சொன்னால் பேச்சு அங்கே நின்றுவிடும்.

பேசிய அன்றைக்கே எழுதுங்கள். எழுதியதற்குப் பதில் வராமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.